முதலில் பட்டை, அப்புறம் அச்சு: டிஸ்க், வாஷர், ஷெல் தேர்வு செய்வது எப்படி?

சேலத்தில் முதலாண்டு பொறியியலும் பி.எஸ்சி. கணிதமும் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கால்குலஸ் சொல்லித் தருகிறேன். தொகையிடலே வராமல் திணறுகிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு பரப்பை அச்சைச் சுற்றிச் சுழற்றி, கிடைக்கும் திடப்பொருளின் கன அளவைக் கேட்டால் பாதிப் பேருக்குப் பேனா நின்றுவிடும். பிளஸ் டூவில் டிஸ்க் முறையோடு பழகியிருப்பார்கள்; ஷெல் முறை கல்லூரிக்கு வந்தபிறகுதான் அறிமுகமாகும். அதனால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, இது வாஷர் கணக்கா, ஷெல் கணக்கா?"

நான் திருப்பிக் கேட்பேன்: "பட்டையை எப்படி வரைஞ்சே?"

பெரும்பாலும் பட்டையே வரைந்திருக்க மாட்டார்கள். y அச்சு என்றால் ஷெல், x அச்சு என்றால் டிஸ்க் என்று யாரோ சொன்னதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அது சில கணக்குகளுக்குத் தற்செயலாகப் பொருந்தும், அவ்வளவுதான். நான் சொல்லித் தருகிற வரிசையே வேறு. அச்சைக் கையால் மறைத்துக்கொண்டு பரப்பை மட்டும் பாருங்கள். அதை மெல்லிய பட்டைகளாக வெட்ட எந்தத் திசை வசதி, நெட்டுக்குத்தாகவா, படுக்கையாகவா என்று முடிவு செய்யுங்கள். அதற்கப்புறம் கையை எடுத்து அச்சைப் பாருங்கள். பட்டை அச்சுக்குச் செங்குத்தாக நின்றால், சுழலும்போது அது வட்டத் தட்டாகும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் நடுவில் ஓட்டை விழுந்து வாஷராகும். பட்டை அச்சுக்கு இணையாக நின்றால் குழாய் மாதிரிச் சுற்றி வந்து ஷெல்லாகும். அதாவது முறையின் பெயர் கடைசியில் தானாக வந்து விழும்.

ஒரு சின்னக் கணக்கில் இதைப் பார்த்துவிடலாம். y = x − x³ என்ற வளைவரைக்கும் x அச்சுக்கும் நடுவே, x = 0 முதல் 1 வரை உள்ள பரப்பு. இதில் படுக்கைப் பட்டை போட வேண்டுமானால் x − x³ = y என்ற முப்படிச் சமன்பாட்டை x-க்குத் தீர்க்க வேண்டும். தேர்வு அறையில் அது ஆகிற காரியம் இல்லை. நெட்டுக்குத்துப் பட்டைதான் ஒரே வழி. x அச்சைச் சுற்றினால் பட்டை அச்சுக்குச் செங்குத்து, அதனால் டிஸ்க்:

V = π∫₀¹ (x − x³)² dx = π(1/3 − 2/5 + 1/7) = 8π/105

அதே பரப்பை, அதே பட்டையை y அச்சைச் சுற்றிச் சுழற்றுங்கள். இப்போது பட்டை அச்சுக்கு இணை, அதனால் ஷெல்:

V = 2π∫₀¹ x(x − x³) dx = 2π(1/3 − 1/5) = 4π/15

பட்டை மாறவே இல்லை. அச்சு மாறியதால் முறை மாறியது.

ஷெல் சூத்திரத்தில் அந்த 2πx எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். வீட்டில் இருக்கிற எவர்சில்வர் அடுக்கு டப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் உருளைகள். அதில் ஒரு டப்பாவின் சுவரை நெடுக வெட்டி விரித்தால் செவ்வகத் தகடு கிடைக்கும். அகலம் சுற்றளவான 2π × ஆரம், உயரம் பட்டையின் உயரம், தடிமன் dx. மூன்றையும் பெருக்குவதுதான் சூத்திரம். இது புரிந்தால் "ஆரம்" என்பது எப்போதும் x இல்லை, அச்சிலிருந்து பட்டைக்கு உள்ள தூரம் என்பதும் சேர்ந்தே புரியும்.

பட்டைக்கு எந்தத் திசை வசதி என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. பென்சிலைப் பட்டை மாதிரி வைத்து, பரப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்துங்கள். பென்சிலின் இரண்டு முனைகளும் கடைசி வரை அதே இரண்டு வளைவரைகளைத் தொட்டுக்கொண்டே போனால் ஒரே தொகையிடலில் முடிந்துவிடும். நடுவில் ஒரு முனை வேறு கோட்டுக்குத் தாவினால் அந்த இடத்தில் தொகையிடலை உடைக்க வேண்டும். உதாரணமாக y = x² + 1, x அச்சு, x = 0, x = 1 நான்கும் அடைக்கிற பரப்பை y அச்சைச் சுற்றி எடுங்கள். படுக்கைப் பட்டையை மேலே நகர்த்தும்போது y = 1 வரை அதன் இடது முனை y அச்சில் இருக்கும்; அதற்கு மேலே பரவளையத்துக்குத் தாவிவிடும். ஆகவே கீழே டிஸ்க், மேலே வாஷர், இரண்டு தனிக் கணக்கு: π + π/2. நெட்டுக்குத்துப் பட்டையில் எந்தத் தாவலும் இல்லை: 2π∫₀¹ x(x² + 1) dx = 3π/2. இரண்டும் ஒன்றுதான், உழைப்பில்தான் வித்தியாசம்.

என்னிடம் வருகிற ஒரு பெண் தினமும் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறாள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் நோட்டைப் பிடித்து எழுதவே முடியாது. அதனால் கணக்கைப் போடாமல், பட்டையை மட்டும் மனசில் நகர்த்திப் பார்ப்பதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். அடிவாரம் வருவதற்குள் நாலைந்து கணக்குகளுக்குத் திசையும் முறையும் முடிவாகியிருக்கும், தொகையிடல் அப்புறம். இந்தப் பாடத்துக்கு இது நல்ல பயிற்சி என்றே சொல்வேன்.

இனி இரண்டு வழியும் சமமாக வேலை செய்கிற ஒரு பரப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். y = x² என்ற பரவளையத்துக்கும் y = 2x என்ற நேர்க்கோட்டுக்கும் நடுவே உள்ள பரப்பு. இரண்டும் (0, 0), (2, 4) ஆகிய புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. y அச்சைச் சுற்றினால், நெட்டுக்குத்துப் பட்டைக்கு ஷெல்:

V = 2π∫₀² x(2x − x²) dx = 2π(16/3 − 4) = 8π/3

படுக்கைப் பட்டைக்கு வாஷர். வலது முனை பரவளையத்தில், x = √y; இடது முனை கோட்டில், x = y/2. அச்சிலிருந்து தள்ளி இருக்கிற முனை தருவது வெளி ஆரம் R, கிட்டே இருக்கிற முனை தருவது உள் ஆரம் r:

V = π∫₀⁴ (y − y²/4) dy = π(8 − 16/3) = 8π/3

விடைத்தாளில் அதிகம் பார்க்கிற தவறு இங்கேதான் நடக்கும். R² − r² எழுத வேண்டிய இடத்தில் (R − r)² என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 8π/15 வரும், சரியான விடையில் ஐந்தில் ஒரு பங்கு. பார்க்க அழகான விடை என்பதால் சந்தேகமே வராது. கண்டுபிடிக்க ஒரு வழி: ஆரம் 2, உயரம் 4 உள்ள உருளையின் கன அளவு 16π. பரவளையத்தைச் சுழற்றிக் கிடைக்கும் கிண்ண வடிவத்தின் உட்புறம் அதில் சரிபாதி, 8π. நேர்க்கோடு தருகிற கூம்பு மூன்றில் ஒன்று, 16π/3. இது பத்தாம் வகுப்புச் சூத்திரம். கிண்ணத்திலிருந்து கூம்பைக் கழித்தால் உருளையில் ஆறில் ஒன்று, அதாவது 8π/3. தொகையிடாமலே சரிபார்த்தாகிவிட்டது.

இப்போது அதே பரப்பை x = 3 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்றச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாளில் மதிப்பெண் போகிற இடம் இது. அச்சு இப்போது பரப்புக்கு வலப்பக்கம் இருக்கிறது. அதனால் இடதுபுறம் இருக்கிற நேர்க்கோடுதான் அச்சிலிருந்து தூரம். வெளி ஆரம் 3 − y/2. பரவளையம் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள் ஆரம் 3 − √y. போன கணக்கில் வெளியே இருந்தது உள்ளே வந்துவிட்டது:

V = π∫₀⁴ [(3 − y/2)² − (3 − √y)²] dy = π∫₀⁴ (6√y − 4y + y²/4) dy = π(32 − 32 + 16/3) = 16π/3

இதைக் கவனிக்காமல் பழையபடி பரவளையத்தையே வெளி ஆரமாக வைத்தால் −16π/3 வரும். பலர் குறியைச் சத்தமில்லாமல் அடித்துவிட்டு விடை எழுதுவார்கள். எண் சரியாக இருந்தாலும் படிகளைப் பார்த்துத் திருத்துகிறவர் கண்ணில் அது பட்டுவிடும். கன அளவு எதிர்மறையாக வந்தால் மேலே போய் எது தூரம், எது கிட்டம் என்று படத்தைப் பாருங்கள்.

ஷெல்லில் இந்தத் தலைவலி இல்லை. பட்டையின் உயரம் 2x − x², அது அச்சைப் பொறுத்து மாறாது. ஆரம் மட்டும் x-இலிருந்து 3 − x ஆகிறது:

V = 2π∫₀² (3 − x)(2x − x²) dx = 2π × 8/3 = 16π/3

அச்சு x = 3, x = −1 என்று நகர்த்தப்பட்டிருந்தால், இரண்டு திசையும் வசதியாக இருக்கும்போது நான் ஷெல்லைத்தான் எடுக்கச் சொல்வேன். வர்க்கங்களை விரிக்கிற வேலை இல்லை, உள்ளே வெளியே என்ற குழப்பமும் இல்லை. ஆனால் அச்சு y = −1 போலப் படுக்கையாக நகர்ந்தால், அதே நெட்டுக்குத்துப் பட்டை வாஷராகிவிடும்; அப்போது உள் ஆரம், வெளி ஆரம் பார்த்தே ஆக வேண்டும். கேள்வியிலேயே "ஷெல் முறையில் காண்க" என்று இருந்தால் பேச்சே இல்லை, அதைத்தான் செய்ய வேண்டும்.

இந்த விடையையும் வேறு வழியில் சரிபார்க்கலாம். பாப்பஸ் தேற்றப்படி கன அளவு என்பது பரப்பளவையும் அதன் மையப்புள்ளி சுற்றி வருகிற தூரத்தையும் பெருக்கினால் வருவது. பரப்பளவு 4/3. பட்டையின் உயரமான 2x − x², x = 1-க்கு இரண்டு பக்கமும் சமச்சீராக இருப்பதால் மையப்புள்ளியும் x = 1-இல்தான் இருக்கும். x = 3-இலிருந்து அதன் தூரம் 2. ஆக 2π × 2 × 4/3 = 16π/3. y அச்சுக்குத் தூரம் 1, அதனால் 8π/3. எல்லாப் பரப்புக்கும் மையப்புள்ளி இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கிடைக்கும்போது அரை நிமிட வேலை.

இவ்வளவும் அச்சு பரப்பைக் குறுக்கே வெட்டாதவரைதான் செல்லும். y = 2x, y = −x, x = 1 மூன்றும் அடைக்கிற பரப்பை x அச்சைச் சுற்றிச் சுழற்றச் சொன்னால், பரப்பு அச்சுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிறது. இங்கே நடுவில் ஓட்டையே விழாது. கண்ணை மூடிக்கொண்டு வாஷர் போட்டால் π வரும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியாகச் சுழற்றிக் கூட்டினால் 5π/3 வரும். இரண்டும் தவறு. கீழ்ப் பாதியை அச்சின் மேலே மடித்துப் பாருங்கள்: y = x வரை வரும், y = 2x அதை முழுக்க மூடிவிடும். ஆகவே மேல் பாதியை மட்டும் டிஸ்க்காக எடுத்தால் போதும், V = π∫₀¹ 4x² dx = 4π/3. மடித்த பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு இடத்திலும் அச்சிலிருந்து எது தூரமோ அதை ஆரமாக எடுத்து, அந்த எல்லையில் தொகையிடலை உடைக்க வேண்டும்.