எண்கள் சரி, எழுத்துகள் பிழை: சென்சாரின் பிட் அகலத்தை அளந்த அனுபவம்

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து, அதை `T=27.4 H=61` என்ற வடிவில் ஒவ்வொரு வரியாகச் சீரியல் வழியே அனுப்பும் சிறிய சென்சார் பலகை ஒன்றை, 16 மெகாஹெர்ட்சில் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றுடன் இணைத்திருந்தேன். பலகையின் விவரக்குறிப்பு 115200 பாட், 8 தரவு பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்றது. நிரலிலும் அதுவே இருந்தது. ஆனால் திரையில் வந்தது `Ô=27.4 È=61`. இடையிடையே சரியான `T` ஒன்றும் தலைகாட்டும். என் நிரல் `T=` என்ற தொடரைத் தேடி அதற்குப் பின்னுள்ள எண்ணை எடுப்பதால், பெரும்பாலான வரிகள் வீணாயின.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் வந்த பைட்டுகளை அப்படியே பதினாறடிமான எண்களாக அச்சிட்டுப் பார்த்தேன். குப்பை என்று நாம் ஒதுக்குவதில் பல வேளைகளில் ஓர் ஒழுங்கு இருக்கும். அதை முதலில் பார்த்துவிடுவது பின்னால் நிறைய அலைச்சலைக் குறைக்கிறது.

```
D4 3D 32 37 2E 34 20 C8 3D 36 31 0D 0A
```

`T` என்பது 54, வந்தது D4. `H` என்பது 48, வந்தது C8. இரண்டிலும் கடைசித் தரவு பிட்டாகிய 7ஆம் பிட் மட்டும் 0 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 1 ஆகியிருக்கிறது. எண்களும், சமக்குறியும், இடைவெளியும், வரி முடிவும் பிழையின்றி வந்துள்ளன. அனுப்பும் பக்கம் 7 தரவு பிட்டும் ஒரு பேரிட்டி பிட்டுமாக அமைந்திருந்தாலும் 7ஆம் பிட் இப்படி மாறக்கூடும் என்பதால், முதலில் அந்த ஐயத்தைச் சோதித்தேன். இரட்டைப் பேரிட்டி என்றால் மூன்று 1கள் கொண்ட `2` என்ற எண் B2 ஆக வந்திருக்க வேண்டும். இரண்டே 1கள் கொண்ட `H` மாறாமல் வந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஒற்றைப் பேரிட்டி என்றால் `T` மாறியிருக்கவே கூடாது. ஆகவே பேரிட்டி காரணம் அன்று. கெட்டுப்போன இரண்டு எழுத்துகளுக்கும் பொதுவாக இருந்தது வேறொன்று: இரண்டிலும் 6ஆம் பிட் 1. சரியாக வந்த அனைத்திலும் 6ஆம் பிட் 0. அதாவது 7ஆம் பிட்டைப் படிக்க வேண்டிய நேரத்தில் மைக்ரோகண்ட்ரோலர் 6ஆம் பிட்டையே இரண்டாம் முறை படிக்கிறது என்று ஊகிக்க இடமிருந்தது. ஊகத்தை உறுதிசெய்ய, கம்பியில் உண்மையில் என்ன ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

என்னிடம் இருந்தது எட்டுத் தடங்களும் 24 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மாதிரி வேகமும் கொண்ட, யூஎஸ்பியில் செருகும் மலிவான லாஜிக் அனலைசர். PulseView மென்பொருள் இவ்வகைக் கருவிகளை `fx2lafw` என்ற டிரைவரின் வழியே அடையாளம் காண்கிறது. முதலில் கிரவுண்டை இணைத்தேன். அது இல்லாமலோ தளர்வாகவோ இருந்தால் திரையில் இல்லாத துடிப்புகள் தோன்றும். பிறகு D0 தடத்தைச் சென்சாரின் அனுப்பும் காலில் அன்றி, மைக்ரோகண்ட்ரோலரின் பெறும் காலில் வைத்தேன். பெறுபவர் பார்க்கும் இடத்திலேயே நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தேன். இந்தக் கருவி 3.3 வோல்ட், 5 வோல்ட் அளவிலான லாஜிக் சமிக்ஞைகளுக்கு மட்டுமே உரியது. எதிர்மின்னழுத்தம் வரை இறங்கும் ஆர்எஸ்-232 கம்பியை இதில் நேரடியாகச் செருகினால் கருவி பழுதாகிவிடும்.

மாதிரி வேகத்தை 12 மெகாஹெர்ட்சில் வைத்து அரை வினாடி அளவுக்குப் பதிவு செய்தேன். கட்டளை வரியில் செய்ய விரும்புவோருக்கு இது போதும்:

```
sigrok-cli -d fx2lafw -c samplerate=12m --time 500 -C D0 -P uart:rx=D0:baudrate=115200 -A uart
```

இங்கேதான் பலர் திசைமாறிப் போவார்கள் என்று நினைக்கிறேன். 115200 பாட் என்று சொல்லப்பட்ட டிகோடர், ஒவ்வொரு வரியையும் `T=27.4 H=61` என்று பிழையின்றிக் காட்டியது. சென்சார் சரி, கம்பி சரி, எனவே கோளாறு நிரலில் என்று முடிவுகட்ட அது தூண்டும். ஆனால் டிகோடர் ஒவ்வொரு ஸ்டார்ட் பிட்டின் இறங்குவிளிம்பிலும் தன் கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்கி, அங்கிருந்து ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒருமுறை பார்க்கிறது. பத்து பிட்டுகளுக்குள் சேரும் பிழை அரை பிட்டைத் தாண்டாத வரை அது எதையும் குறை சொல்லாது. எனவே டிகோடரின் எழுத்துகளை விட்டுவிட்டு, அலைவடிவைப் பெரிதாக்கி, பிட் பெட்டிகளின் வரிசையை அதனுடன் ஒப்பிட்டேன். தொடக்கத்தில் பொருந்தியிருந்த பெட்டிகள் போகப்போக அலையை முந்திக்கொண்டு நகர்ந்தன. கடைசிப் பெட்டியின் நடுப்புள்ளி உண்மையான விளிம்பை ஒட்டிக்கொண்டு நின்றது.

ஒரே ஒரு பிட்டை அளந்து பாட் வேகத்தைக் கணிப்பதைவிட, ஒரு பைட்டின் நீளம் முழுவதையும் அளந்து வகுப்பதே நல்லது. ஒரு மாதிரியளவு பிழை அப்போது ஒன்பது பிட்டுகளில் பரவிவிடும். `T` இதற்கு வசதியான எழுத்து. பிட்டுகள் சிறியதிலிருந்து பெரியது என்ற வரிசையில் வருவதாலும், அதன் 7ஆம் பிட் 0 என்பதாலும், ஸ்டார்ட் பிட்டின் இறங்குவிளிம்பு முதல் ஸ்டாப் பிட்டின் ஏறுவிளிம்பு வரை சரியாக 9 பிட் நேரம் ஆகிறது. 115200 பாட்டில் அது 78.1 மைக்ரோ வினாடி இருக்க வேண்டும். கர்சர்களை வைத்துப் பார்த்தபோது 82.0 கிடைத்தது. ஒரு பிட்டுக்கு 8.68க்குப் பதிலாக 9.11 மைக்ரோ வினாடி. சென்சார் ஏறத்தாழ 5 விழுக்காடு மெதுவாக அனுப்புகிறது.

இந்த 5 விழுக்காடு மட்டும் பிழையை விளக்கவில்லை. டிகோடரே அதைத் தாங்கியது. மைக்ரோகண்ட்ரோலரும் மயிரிழையில் தாங்கியிருக்க வேண்டும். எனவே மறுபக்கத்தையும் அளந்தேன். மைக்ரோகண்ட்ரோலரைத் தொடர்ந்து `U` என்ற எழுத்தை அனுப்பும்படி செய்து, அதன் அனுப்பும் காலை D1 தடத்தில் இணைத்தேன். `U` என்பது 55. பிட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறுவதால் அலை ஒரே சீரான சதுரமாக இருக்கும். 9 பிட்டுக்கு 76.5 மைக்ரோ வினாடி, அதாவது ஒரு பிட்டுக்கு 8.5. இதன் காரணம் கணக்கிலேயே இருந்தது. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை முழு எண்ணால் மட்டுமே வகுக்க முடியும்; 115200க்கு மிக அருகில் கிடைப்பது 16000000 / (8 × 17) = 117647, அதாவது 2.1 விழுக்காடு வேகம் கூடுதல். அனுப்புபவர் மெதுவாகவும் பெறுபவர் விரைவாகவும் இருந்ததால் இரண்டும் சேர்ந்து 7 விழுக்காட்டைத் தாண்டின.

இப்போது ஊகத்தைக் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். மைக்ரோகண்ட்ரோலர் 7ஆம் பிட்டின் நடு என்று கருதுவது ஸ்டார்ட் விளிம்பிலிருந்து 8.5 பிட் தள்ளி, அதாவது 8.5 × 8.5 = 72.25 மைக்ரோ வினாடியில். சென்சாரின் 7ஆம் பிட் தொடங்குவதோ 8 × 9.11 = 72.9 மைக்ரோ வினாடியில். அந்தக் கணத்தில் கம்பியில் இருப்பது இன்னும் 6ஆம் பிட்தான். இடையிடையே சரியான `T` வந்ததற்கும் விளக்கம் உண்டு. இந்த வேகத்தில் பெறும் பகுதி ஒவ்வொரு பிட்டையும் எட்டுக் கூறுகளாகவே பார்க்கிறது. ஸ்டார்ட் விளிம்பை அது கண்டுகொள்வது ஒரு கூறு வரை, அதாவது ஏறக்குறைய 1 மைக்ரோ வினாடி வரை தாமதமாகலாம். தாமதம் அதிகமான வேளைகளில் மாதிரி எடுக்கும் கணம் 72.9ஐக் கடந்துவிடுகிறது, எழுத்து தப்பிக்கிறது. ஸ்டாப் பிட் மட்டும் தப்பவே இல்லை: அது 80.75இல் பார்க்கப்படுகிறது, முழுத் தாமதத்தைச் சேர்த்தாலும் 82.0 ஆகாது. எனவே எண்கள் உட்பட எல்லாப் பைட்டுகளிலும் ஃபிரேமிங் பிழைக்கொடி எழுந்திருக்கிறது. நூலகம் அக்கொடியைப் பார்க்காமல் பைட்டைக் கொடுத்துவிட்டது.

லாஜிக் அனலைசர் மின்னழுத்தத்தைக் காட்டாது என்பதையும் மறக்கக் கூடாது. சென்சாருக்கு 3.3 வோல்ட்டும் மைக்ரோகண்ட்ரோலருக்கு 5 வோல்ட்டும் கொடுத்திருந்தேன். 5 வோல்ட் சில்லுகள் பலவற்றில் 1 என ஏற்கப்பட 3 வோல்ட்டாவது தேவை என்பதால், 3.3 வோல்ட் சமிக்ஞைக்கு அங்கே இடைவெளி குறைவு. அனலைசர் ஒழுங்கான சதுரத்தைக் காட்டினாலும் பெறும் சில்லு வேறுவிதமாகப் படித்திருக்கலாம். ஆனால் அழுத்தக் குறைவால் வரும் பிழை 1ஐ 0 ஆக்கும், எந்தப் பிட்டிலும் நேரும். 7ஆம் பிட்டில் மட்டும் 0ஐ 1 ஆக்காது.

சென்சாருக்கும் 5 வோல்ட் கொடுத்துப் பார்த்தபோது எழுத்துகள் சரியாக வரத் தொடங்கின. அனலைசர் கையில் இல்லையென்றால், மின்னழுத்தம்தான் காரணம் என்று அங்கேயே முடித்திருப்போம். பதிவோ பிட் அகலம் 9.11இலிருந்து 8.85 மைக்ரோ வினாடியாகக் குறைந்ததைக் காட்டியது. படிகத்தில் ஓடும் கடிகாரம் மின்சாரத்தை மாற்றியதற்காக இவ்வளவு நகராது. சென்சார் பலகையில் இருப்பது சில்லின் உள்ளேயே உள்ள ஆர்சி ஆஸிலேட்டர் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். வெப்பமும் அதை நகர்த்தும்.

பாட் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற பரவலான அறிவுரை இங்கே பாதிதான் பலிக்கும். 9600இல் மைக்ரோகண்ட்ரோலரின் பிழை 0.2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும், ஆனால் சென்சாரின் 5 விழுக்காடு அப்படியே இருக்கும். அதனால் சென்சாரைத் திருத்த முடியாத நிலையில் பெறுபவரை அதன் பக்கம் நகர்த்தினேன். வகுக்கும் எண்ணை 17இலிருந்து 18 ஆக்கினால் 111111 பாட், ஒரு பிட்டுக்கு 9.0 மைக்ரோ வினாடி.

```
Serial1.begin(111111);
```

9.0 என்பது 3.3 வோல்ட்டில் கிடைத்த 9.11க்கும் 5 வோல்ட்டில் கிடைத்த 8.85க்கும் நடுவே விழுகிறது. எந்தப் பக்கமும் வேறுபாடு 2 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மின்சாரத்தை மறுபடி 3.3 வோல்ட்டுக்கே மாற்றி, ஃபிரேமிங் பிழைக்கொடியை எண்ணும் சில வரிகளை நிரலில் சேர்த்து ஓடவிட்டேன். எண்ணிக்கை பூச்சியத்திலேயே நின்றது. அந்த வரிகளை நீக்காமல் வைத்திருக்கிறேன். பலகை சூடேறியோ குளிர்ந்தோ பிட் அகலம் மீண்டும் விலகினால், எழுத்துகள் கெடுவதற்கு முன்பே ஸ்டாப் பிட்தான் முதலில் தவறும்.