ஒரு பவுணுக்கு எத்தனை மாடு

10 மார்ச் 2022, வியாழன்

கரண்ட் போய் மூன்று மணித்தியாலம். விசிறி இல்லாமல் உள்ளே படுக்க முடியாது என்று எல்லோரும் முன் விறாந்தையில் பாய் போட்டுக் கிடக்கிறோம். இந்த வாரம் ரூபாயை மிதக்க விட்டுவிட்டார்கள். மத்தியானமே கொழும்பிலிருந்து மாமா எடுத்துச் சொன்னார், செட்டியார் தெருவில் பவுண் விலை ஏறிக்கொண்டு போகிறதாம், அம்மம்மாவிடம் இருப்பதை இப்போதே விற்றால் நல்ல லாபமாம்.

அம்மம்மா காலை நீட்டி, சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு வயது. காது நன்றாகவே கேட்கும்.

"விலை ஏறேல்ல பிள்ளை. காசுதான் இளைச்சுப் போச்சு" என்றார். அப்புறம் ஒரு கொட்டாவி. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அம்மம்மாவிடம் ஐந்து பவுண் காசு இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

12 மார்ச் 2022, சனி

இன்று காட்டினார். அரிசிப் பானைக்கு அடியில் பழைய பவுடர் டின், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஐந்து காசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் அரசர், மறுபக்கம் குதிரையில் இருந்தபடி பாம்பு மாதிரி ஒன்றை வெட்டுகிறவர். ஒன்றில் 1918 என்ற ஆண்டுக்கு மேலே பொடி எழுத்தாக I என்று இருக்கிறது. பம்பாயில் அடித்த காசாம். அந்த ஒரு வருடம் மட்டும்தான் அங்கே இதை அடித்தார்கள் என்று பிறகு தேடிப் பார்த்தேன்.

நகைக்கடையில் நாம் சொல்கிற பவுண் எட்டுக் கிராம் கணக்கு. இந்தக் காசு 7.99 கிராம், 22 கரட். அதில் சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம். கணக்குப் போட எனக்கு இந்த ஓர் எண் போதும்.

கதை அம்மப்பாவிடமிருந்து தொடங்குகிறது. அவருக்கு இங்கே திருகோணமலை டொக்யாட்டில் பிட்டர் வேலை. 1957 ஒக்டோபரில் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது வேலையும் போனது. கையில் கிடைத்த காசில் பத்துப் பவுண் வாங்கி வந்தாராம், ஒன்று அறுபது ரூபாயும் சில்லறையும். கலியாணமாகி ஒரு வருடம்தான். "அரிசி வாங்கச் சொன்னா ராசாவின்ட தலையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று அன்று சண்டை பிடித்ததை அம்மம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

பத்து எப்படி ஐந்தானது என்று கேட்டேன். "கொப்பியில இருக்கு, பிறகு பார்" என்றார்.

14 ஏப்ரல் 2022, வியாழன்

வருடப் பிறப்பு. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று முந்தநாள் அரசாங்கம் அறிவித்துவிட்டது. பால்மா கிடைக்காமல் தேங்காய்ப்பாலில் பொங்கினோம். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

கொப்பி கைக்கு வந்தது. ஒற்றைக் கோடு போட்ட பழைய கணக்குக் கொப்பி, மட்டை கழன்றது. அம்மம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ரூபாய்க் கணக்காக இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். முழுக்க மாட்டுக் கணக்கு! அவருடைய தகப்பன் தம்பலகாமத்தில் மாடு வைத்திருந்தவர். ஆகவே ஒரு பவுணுக்கு எத்தனை கறவை மாடு என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்.

முதல் வரி 1957: "2½ பவுண் – 1 மாடு."

அடுத்தது 1980 தை: "1 பவுண் – 2 மாடு, மிச்சக் காசு." அந்த மாதம் 21ஆம் திகதி உலகச் சந்தையில் அவுன்ஸ் தங்கம் 850 டொலர் வரை போனது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், காசில் 7.32 கிராம், ஆக ஒரு காசு 200 டொலர். டொலர் அப்போது பதினைந்தரை ரூபாய். 3,100 ரூபாய் வருகிறது. அறுபது ரூபாய்க்கு வாங்கியது!

அம்மப்பா எல்லாவற்றையும் விற்றுவிட்டு மீன்பிடி வள்ளம் ஒன்று வாங்க ஆசைப்பட்டாராம். அம்மம்மா மறுத்துவிட்டார். இரண்டு வருடத்தில் விலை பாதிக்குக் கீழே போய்விட்டது. "ஒரு கிழமை என்னோட கதைக்கேல்ல" என்றார். பழைய 3,100ஐத் திரும்பப் பார்க்க ஏறக்குறைய ஏழு வருடம் ஆகியிருக்கிறது. அந்த ஒரு தடவை அம்மப்பாதான் சரி. ஆனால் இதை நான் அம்மம்மாவிடம் சொல்லவில்லை.

15 ஏப்ரல் 2022, வெள்ளி

கொப்பியின் அடுத்த வரியில் மாடு இல்லை. 1990 ஆனி: "2 பவுண் – லொறிக்கு, அரிசிக்கு."

சண்டை திரும்பத் தொடங்கிய மாதம். ஊரோடு ஓடினார்கள். காசுகள் பாவாடை நாடாவுக்குள் தைத்திருந்தன, ஒன்று மட்டும் தாலிக்கொடியில். அன்றைய சந்தைக் கணக்கில் ஒரு காசு மூவாயிரத்து முந்நூறு ரூபாய்க்குக் கிட்டப் போயிருக்க வேண்டும். வழியில் வாங்கினவன் ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு கொடுத்தான். தராசு இல்லை, உரைகல் இல்லை, பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன விலை. மறுத்தால் போக வேறு கடை இல்லை. தங்கத்துக்கு எப்போதும் விலை உண்டு என்று மாமா சொல்லும்போதெல்லாம் இனி எனக்கு இந்த வரி ஞாபகம் வரும். ஓடுகிற நாளில் விலையைச் சொல்வது வாங்குகிறவன்தான்.

பிறகு 1999: "சின்னவளின் கலியாணம் – 3 பவுண். 3 பவுண் – 1 மாடு."

இது எனக்கு முதலில் விளங்கவில்லை. சித்தியின் கலியாணத்துக்கு நல்ல விலைக்கு விற்றதாகத்தான் வீட்டில் இன்றும் கதை. ஒன்று நாலாயிரத்துச் சொச்சம், 1980இன் உச்சத்தை விட ஆயிரம் ரூபாய் கூட. உலக விலையைத் தேடினால் அப்போது அவுன்ஸ் 255 டொலர், 850இல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் டொலர் பதினைந்தரையிலிருந்து எழுபதைத் தாண்டியிருந்தது. தங்கம் விழுந்ததை ரூபாயின் வீழ்ச்சி மூடி மறைத்துவிட்டது. எல்லோரும் சந்தோஷமாக விற்றிருக்கிறார்கள். மாட்டில் அளந்த அம்மம்மாவுக்கு மட்டும் அது நட்டம் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் விற்றிருக்கிறார். கலியாணம் அல்லவா, வேறென்ன செய்வது?

10 மே 2022, செவ்வாய்

ஊரடங்கு. நேற்று விலகிய பிரதமர் இங்குள்ள கடற்படைத் தளத்துக்கு வந்துவிட்டாராம், வாசலில் சனம் கூடிக் கத்துகிறது. அம்மப்பா வேலை செய்த அதே தளம். அம்மம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அவையளுக்கு உள்ள பால்மா கிடைக்குதோ?"

இரவு சாப்பிட்டு முடிந்ததும் அறிவித்தார். ஒரு காசை விற்று மாடு வாங்கப் போகிறாராம். பின்வளவில் புல் கிடக்கிறது, கிணறு இருக்கிறது, தங்கச்சியின் பிள்ளைக்கு இரண்டு வயது. மாமா போனில் பதறினார், இன்னும் ஏறும், பொறுங்கள் என்று. இவர்தான் மார்ச்சில் உடனே விற்கச் சொன்னவர்.

21 மே 2022, சனி

முதலில் கணக்கு. ஜனவரியில் அவுன்ஸ் 1,800 டொலரை ஒட்டி, டொலர் 202 ரூபாய். ஒரு காசுக்கு ஏறக்குறைய 85,500 ரூபாய். இப்போது அவுன்ஸ் 1,850க்குக் கிட்ட, டொலர் 360. ஒரு காசு 156,000 ரூபாயைத் தாண்டுகிறது. தங்கம் ஏறியது ஐம்பது டொலர்தான், மீதி முழுக்க ரூபாய் விழுந்தது. மார்ச்சில் அம்மம்மா கொட்டாவியோடு சொன்னதை நான் கல்குலேட்டர் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.

தாலிக்கொடியில் போட்ட காசையே விற்கச் சொன்னார், அதில் வளையம் ஒட்டியிருப்பதால். கொண்டுபோன கடையில் உரைகல்லில் விளிம்பைத் தேய்த்து, அமிலம் விட்டு, இது கலப்படம், ஒரு இலட்சம் தரலாம் என்றார்கள். வெயிலில் திரும்பி நடந்தேன். அம்மம்மாவிடம் என்ன சொல்வது என்றே புரியவில்லை.

22 மே 2022, ஞாயிறு

அம்மம்மா அசையவில்லை. "எங்க தேய்ச்சவன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எங்கள் தெருவில் இருக்கும் பழைய பத்தரிடம் அனுப்பினார். இப்போது வேலை செய்வதில்லை, ஆனால் தராசு வைத்திருக்கிறார்.

பத்தர் ஐயா காசை வெளிச்சத்தில் பிடித்தார். கடையில் தேய்த்தது வளையத்துக்குப் பக்கத்தில், அதை ஒட்டிய பற்றாசு வழிந்த இடம். அங்கே தேய்த்தால் பற்றாசின் நிறம்தான் வரும் என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, சைபர் ஆக்கினார். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு 0.50 காட்டியது. காசு வெளியே 8.46 கிராம். வகுத்தால் 16.9, தண்ணீரைப் போல அத்தனை மடங்கு பாரம். "இருபத்திரண்டு கரட் எண்டா பதினேழரைக்கு மேல வரவேணும்" என்றார். எனக்கு நெஞ்சு பக்கென்றது.

மெல்லிய வாளால் வளையத்தை அறுத்து, பற்றாசை அரத்தால் தட்டிவிட்டார். திரும்ப நிறுத்தபோது காசு 7.98, தண்ணீரில் 0.45. வகுத்தால் 17.7. வளையத்தைத் தேய்த்துக் காட்டினார், உள்ளே சிவப்பு. பொன் பூசிய செம்பு. 1985இல் அவசரத்துக்கு யாரோ ஒட்டிக் கொடுத்தது.

ஒன்றும் எச்சரித்தார். இந்தத் தராசில் கடைசி இலக்கம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ விடை 17.3க்கும் 18.1க்கும் இடையில் ஆடும். ஆகவே பித்தளையையும் கரட் குறைந்த பொன்னையும் இது காட்டிக் கொடுக்கும், இருபத்தொன்றா இருபத்திரண்டா என்று சொல்லாது. அதற்குக் காசின் நடுவிலோ வளையம் படாத விளிம்பிலோ உரைக்க வேண்டும். உரைத்தும் பார்த்தார். சரியாக இருந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

24 மே 2022, செவ்வாய்

வேறு கடை. பத்தர் ஐயாவும் கூட வந்தார். எங்கே உரைப்பது என்று அவரே விரலால் காட்டினார். 150,000. உருக்குகிற கழிவு என்று ஆறாயிரத்துச் சொச்சம் வெட்டினார்கள், சரி, பரவாயில்லை. அரசரின் தலை உருகப் போகிறது என்பதில் எனக்குத்தான் கொஞ்சம் கவலை. அம்மம்மா நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார்.

28 மே 2022, சனி

லொறிக்கு டீசல் இல்லை. தம்பலகாமத்திலிருந்து மாட்டை நடத்தியே கொண்டு வந்தார்கள், விடிய முதல் புறப்பட்டு இரண்டு இடத்தில் இளைப்பாறி. சிவலை, கொம்பு சிறியது, ஏழு மாதச் சினை. 145,000.

அம்மம்மா கதிரையைப் பின்வளவில் போடச் சொல்லி, மாடு தண்ணீர் குடிப்பதை முழுக்கப் பார்த்தார். பிறகு கொப்பியையும் பேனையையும் கேட்டார். "1 பவுண் – 1 மாடு" என்று எழுதினார், எழுத்து இப்போது நடுங்குகிறது. பேனையை மூடாமல் மாட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்றை என்னெண்டு எழுதுறது, பிள்ளை? காலா, அரையா?"

பிறந்த பிறகு எழுதலாம் என்றேன். கொஞ்சம் இடம் விட்டு, அடியில் கோடு போட்டார்.