2:40-க்கு ஒரு நூறு: சுவர்க் கடிகாரம் பார்த்து நீந்திய அனுபவம்

போட்டிக்குப் பயிற்சி தரும் நீச்சல் குளங்களில் பேஸ் கிளாக் என்று ஒன்று மாட்டியிருப்பார்கள். பெரிய வட்ட முகம், 60 விநாடிக்கு ஒரு சுற்று வரும் முள், அவ்வளவுதான். நேரம் என்ன என்று அது சொல்லாது. எந்த விநாடியில் கிளம்பினோம், எந்த விநாடியில் சுவரைத் தொட்டோம் என்பதை மட்டும் காட்டும். கிருஷ்ணகிரியில் நான் போகும் 25 மீட்டர் குளத்தில் அது கிடையாது. ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் சாதாரண சுவர்க் கடிகாரம் வாங்கி, பொறுப்பாளரிடம் கேட்டு மாட்டிக்கொண்டேன். நூறு மீட்டருக்கு நாலு நீளம் என்பதால் கிளம்பும் சுவரிலேயே முடியும். அங்கிருந்து முள் தெரிந்தால் போதும்.

முதலில் என் வேகம் என்ன என்று தெரிய வேண்டும். 400 மீட்டர் ஒரு தடவை, நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர் ஒரு தடவை, இரண்டையும் முழு முயற்சியோடு நீந்தினேன். 400-க்கு 8:52, 200-க்கு 4:14. இரண்டுக்கும் வித்தியாசம் 4:38. அதில் பாதி 2:19. நூறுக்கு இதுதான் மூச்சு முட்டாமல் நான் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். கிணற்றில் நீச்சல் பழகிய கைக்கு இது மோசமில்லை.

2:19-ஐ 2:20 என்று வைத்துக்கொண்டு, 20 விநாடி ஓய்வு சேர்த்தால் 2:40. இதைத்தான் சென்ட்-ஆஃப் என்கிறார்கள். ஒரு நூறுக்குக் கிளம்பியதிலிருந்து அடுத்த நூறுக்குக் கிளம்பும் வரை உள்ள மொத்த நேரம் அது. நீந்துவது, ஓய்வு இரண்டும் அதற்குள் அடக்கம்.

என்னோடு அதே லேனில் நீந்தும் காவேரிப்பட்டணத்துத் தம்பி கேட்டான்: "ஏண்ணா, ஒவ்வொரு நூறு முடிச்சதும் இருபது எண்ணிட்டுக் கெளம்புனா ஆச்சு. கடிகாரம் எதுக்கு?" நியாயமான கேள்வி. எண்ணிக் கிளம்பினால் மெதுவாக நீந்தினாலும் அதே இருபது விநாடி கிடைத்துவிடும். களைத்துப்போனால் எண்ணும் வேகமும் குறையும், அது நமக்கே தெரியாது. கிளம்பும் நேரத்தைக் கட்டிவைத்தால் ஐந்து விநாடி தாமதமாகத் தொட்டவனுக்கு ஓய்வில் ஐந்து விநாடி போச்சு. வேகம் சரிவது அப்போதே உடம்பில் உறைக்கும்.

2:40-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முழு நிமிஷங்கள் முள்ளை அதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். மிச்சமுள்ள 40 விநாடிதான் இடத்தை நகர்த்துகிறது. முதல் நூறுக்கு முள் 12-ல் இருக்கும்போது கிளம்பினால், இரண்டாவதுக்கு 8-ல், மூன்றாவதுக்கு 4-ல், நாலாவதுக்கு மறுபடி 12-ல். மூன்றே இடங்கள். இதுவே 2:25 என்று வைத்திருந்தால் ஐந்து ஐந்து விநாடியாகப் பிரித்த பன்னிரண்டு இடங்களிலும் சுற்றிவிட்டுத்தான் 12-க்குத் திரும்ப முடியும். மூச்சு வாங்கும்போது அந்தக் கணக்கு யாருக்கு ஓடும்?

போட்டுப் பார்த்தபோது ஒரு வசதி புலப்பட்டது. சரியாக 2:20-ல் நீந்தினால், 12-ல் கிளம்பியவன் முள் 4-ல் இருக்கும்போது தொடுவான்; 8-ல் அடுத்தது கிளம்புவான். 8-ல் கிளம்பியவன் 12-ல் தொட்டு 4-ல் கிளம்புவான். 4-ல் கிளம்பியவன் 8-ல் தொட்டு 12-ல் கிளம்புவான். தொடும் இடங்களும் கிளம்பும் இடங்களும் அதே மூன்றுதான்! அதனால் கடிகாரத்தில் அந்த மூன்று எண்கள் மேல் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். தொட்டதும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். முள் ஒரு சிவப்பை ஒட்டி இருந்தால் வேகம் சரி. அடுத்த சிவப்புக்கு முள் வரும்போது கிளம்ப வேண்டும். கழித்தல் கணக்கே தேவைப்படவில்லை. சிவப்பைத் தாண்டி எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு விநாடி தாமதம்.

வீட்டுக் கடிகாரத்தின் விநாடி முள் மெல்லியது, தூரத்திலிருந்து தெரியாது. அதில் சிவப்புப் பட்டை ஒட்டலாம், ஆனால் முள்ளின் வால் பக்கமும் கிட்டத்தட்ட அதே எடைக்கு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் முள் 9-ஐத் தாண்டி மேலே ஏறத் திணறும். பேட்டரி இறங்கிய கடிகாரங்களில் முள் 9 பக்கமே நின்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், எடையைத் தூக்குவது அங்கேதான் மிகக் கடினம். இப்படித் தயங்கும் கடிகாரம் உங்களை வேகமான ஆளாகக் காட்டும். சந்தோஷமாகத்தான் இருக்கும். செல்போனை வைத்து ஐந்து நிமிஷம் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பக்கவாட்டு லேனிலிருந்து பார்த்தால் முள் ஓரிரு விநாடி தள்ளித் தெரியும், ஆகவே எப்போதும் ஒரே லேன்.

நான் போட்ட செட் ஒன்பது நூறு. எட்டோ பத்தோ போடாததற்குக் காரணம், மூன்று நூறுக்குச் சரியாக 8 நிமிஷம். 6:10-க்குத் தொடங்கினால் நாலாவது 6:18-க்கும் ஏழாவது 6:26-க்கும் கிளம்ப வேண்டும். 6:34-க்கு மொத்தமும் அடங்கிவிடும். எத்தனை முடித்தோம் என்று குழம்பினால் நிமிஷ முள்ளைப் பார்த்தால் போதும். இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக் கடிகாரம் பேஸ் கிளாக்கை விட மேல்.

முதல் தடவை ஒன்பதும் ஒரே மாதிரி வரவில்லை. முதலாவது 2:16, அதாவது 24 விநாடி ஓய்வு. இரண்டாவது 2:17, மூன்றாவது 2:19. ஐந்தாவதில் முள் சிவப்பைத் தாண்டி இரண்டு விநாடி போயிருந்தது. ஏழாவது 2:27, ஓய்வு 13 விநாடிதான். கடைசி இரண்டும் 2:30. ஆரம்பத்தில் சேமித்த விநாடிகளைப் பின்னால் வட்டியோடு கொடுத்ததுபோல் ஆயிற்று. அடுத்த தடவை முதல் மூன்றையும் வேண்டுமென்றே அடக்கி, சிவப்புக்கு முன்னால் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஏழாவது 2:22, ஒன்பதாவது 2:23. மொத்த வேகமும் முன்பைவிடச் சற்றுக் கூடியிருந்தது.

தம்பியும் இப்போது சேர்ந்துகொண்டான். எனக்குப் பத்து விநாடி பின்னால் கிளம்புகிறான், அவனுக்கான இடங்கள் 2, 10, 6. "அண்ணா, எனக்கு மட்டும் ஸ்டிக்கர் இல்லியா?" என்றான். இப்போது அந்த மூன்றிலும் நீலம். பத்து விநாடிக்குக் குறைந்த இடைவெளியில் கிளம்பினால் அவன் கை என் காலில் படுகிறது.

ஒன்பதாவது நூறும் முதல் நூறும் மூன்று விநாடிக்குள் அமைந்ததால் 2:30-ஐ முயன்று பார்க்கிறேன். அதில் 12, 6 என்று இரண்டே இடம். ஒற்றைப்படை நூறு 12-ல், இரட்டைப்படை 6-ல், இரண்டு நூறுக்கு ஐந்து நிமிஷம். பத்து விநாடி ஓய்வு என்பது கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்து ஒரு தடவை நிமிர்வதற்குள் போய்விடுகிறது. நாலாவது வரை தாங்குகிறது. ஐந்தாவதில் தொடும்போது கிளம்ப வேண்டிய எண்ணை முள் நெருங்கிவிடுகிறது. அப்போது அந்தச் சுற்றை விட்டுவிட்டு, முள் மறுபடி 12-க்கு வந்ததும் மிச்சத்தை 2:40-க்கு நீந்தி முடிக்கிறேன்.