ஒரே வெயிலில் நான்கு பேர்

மலையகத்து இசைக்குழு ஒன்றின் எல்லா உறுப்பினர்களையும் அட்டைப்படத்துக்காக ஒரே காலையில் ஒரே இடத்தில் நிறுத்துவது லேசான காரியமல்ல. பாடகர் ஹட்டனில் இருப்பார். கிட்டார் வாசிப்பவர் பண்டாரவளையில் படிப்பிப்பார். கீபோர்ட்காரருக்கு வெள்ளவத்தையில் வேலை. தப்பு அடிப்பவர் ஒப்பந்தத்தில் தோஹாவுக்குப் போயிருப்பார். ஆகவே நான்கு போன்களிலிருந்து நான்கு விதமான வெளிச்சத்தில் நான்கு படங்கள் வந்து சேரும். அவற்றை அப்படியே வெட்டி ஒரு தேயிலை மலைக்கு முன்னால் ஒட்டினால் தேர்தல் சுவரொட்டி மாதிரித்தான் இருக்கும். ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், ஆனால் சேர்ந்து நிற்க மாட்டார்கள்.

இந்த வேலையில் முதலில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான். எந்தப் படத்தைத் திரும்ப எடுக்கவே முடியாதோ, அந்தப் படத்தின் வெளிச்சமே அட்டையின் வெளிச்சம். பலர் பின்னணியை முதலில் தெரிவு செய்துவிட்டு, பிறகு ஆட்களை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். அது தலைகீழான வழி. பின்னணி மலை நாளைக்கும் அங்கேயே இருக்கும்; தோஹாவில் இருப்பவருக்கு அடுத்த விடுமுறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நமது உதாரணத்தில் திரும்ப எடுக்க முடியாதது தப்புக்காரரின் படம். பின்னேர வெயிலில் எடுத்தது. வெளிச்சம் படத்தின் இடது பக்கத்திலிருந்து விழுகிறது, மூக்கின் நிழல் வலது வாயோரத்தை நோக்கி இறங்குகிறது, நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறது. தரையில் அவருடைய நிழல் வலது பக்கமாக, அவர் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு நீளத்துக்குக் கிடக்கிறது. நிழலும் உயரமும் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகையில் நிற்கிறது. ஒன்றே முக்கால் மடங்கென்றால் சுமார் 30 பாகை. இந்த ஒரு அளவு கிடைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே திட்டமிடலாம்.

இந்தப் படத்தைப் புரட்டிப் போட்டு வெளிச்சத்தை வலது பக்கத்துக்கு மாற்றலாமே என்று தோன்றும். இசைக்குழுவின் படத்தில் அதைச் செய்யவே கூடாது. தப்பு இடது தோளில் தொங்கும். மெல்லிய நீளக் குச்சி இடது கையிலும் கட்டைக் குச்சி வலது கையிலும் இருக்கும். புரட்டினால் தப்பு தெரிந்த எவரும் ஒரு நொடியில் பிழையைப் பிடித்துவிடுவார்கள். கிட்டாரும் அப்படித்தான், வலக்கைக்காரர் இடக்கைக்காரராகிவிடுவார்.

அடுத்தது பின்னணி. நம் பகுதியில் சூரியன் உதித்த பின் மணிக்குச் சுமார் 13 முதல் 15 பாகை வரை மேலேறுகிறது. அதனால் 30 பாகை வேண்டுமென்றால் உதயத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அதாவது காலை எட்டு, எட்டரை. வெயில் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டுமென்றால் கமரா தெற்கைப் பார்க்க வேண்டும். மலை மறைக்காமல் கிழக்கு திறந்திருக்கும் சரிவாகப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். டிக்கோயாப் பக்கப் பள்ளத்தாக்குகளில் எட்டரைக்கும் வெயில் இறங்காத மலைகள் உண்டு. கவ்வாத்து வெட்டிய மலையும் உதவாது, குச்சிதான் தெரியும். கொழுந்து எடுக்கும் மட்டத்தில் இருக்கிற செடி நல்லது. அது இடுப்பளவுக்கு நின்று கால்களை மறைத்துவிடும். பாதமும் தரையும் சேரும் இடம்தான் இப்படிப்பட்ட படங்களில் அதிகமாகக் காட்டிக்கொடுப்பது, அந்தத் தொல்லை இங்கே இல்லை.

பின்னணியை எடுக்கும்போது கமராவை முக்காலியில் பூட்டி, எக்ஸ்போஷரையும் வைட் பேலன்ஸையும் மாறாமல் வைத்து, முதலில் வெறும் மலையை எடுக்க வேண்டும். பிறகு உயரம் தெரிந்த ஒருவரை, நால்வரும் நிற்கப்போகும் நான்கு இடங்களிலும் ஒவ்வொரு தடவை நிறுத்தி எடுக்க வேண்டும். கையில் ஒரு வெள்ளை ஏ4 தாள் இருக்கட்டும். பத்து நிமிட வேலை இது, ஆனால் மொத்தத்தில் மிகப் பெரிய உதவி. செடி உடம்பை எங்கே வெட்டுகிறது, அந்த வெயில் தோலில் எப்படி விழுகிறது, செடியின் மேல் நிழல் எப்படிச் சாய்கிறது என்பதெல்லாம் அந்தப் படங்களில் நிஜமாகவே பதிவாகியிருக்கும். செடிமேல் விழுந்த நிழலைக் கையால் வரைவதற்குப் பதில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற மூவருக்கும் இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். வீட்டு விறாந்தையின் ஓரத்தில், நேர் வெயில் படாமல், வானத்தின் வெளிச்சம் படத்தின் இடது பக்கத்திலிருந்து விழும்படி நிற்க வேண்டும். எடுப்பவர் மூன்று மீற்றர் தள்ளி, போனை நெஞ்சளவு உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு லென்ஸால் எடுக்க வேண்டும். தப்புக்காரரின் படமும் மலைப்படமும் அதே உயரத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. செல்பி தூரத்தில் எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து காது பின்வாங்கியிருக்கும். மேலிருந்து எடுத்தால் தோளின் மேற்பரப்பு தெரியும். எந்த மென்பொருளாலும் இதை ஒழுங்காகத் திருத்த முடியாது. போர்ட்ரெயிட் மோட், அழகூட்டும் பில்டர் இரண்டையும் அணைக்க வேண்டும்; முதலாவது சுருள்முடியின் ஓரத்தை விழுங்கிவிடும். சுவருக்கு ஒன்றரை மீற்றர் முன்னால் நிற்பது நல்லது. லயத்துச் சுவர் நீலமாக இருந்தால் அந்த நீலம் கன்னத்தில் ஏறும், பிறகு கழுவ முடியாது. ஒரு படம் ஏ4 தாளைப் பிடித்தபடி எடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்ல, டொக்கியுமெண்டாக அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சுருங்கித்தான் வரும்.

நேர் வெயில் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. மென்மையான வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் ஒரு பக்கத்தை உயர்த்தி மறுபக்கத்தைத் தாழ்த்தி வெயிலை உண்டாக்க முடியும். தப்பான பக்கத்திலிருந்து விழுந்த கூர்மையான நிழலை அழிக்க முடியாது. கீபோர்ட்காரர் அறைக்குள் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்து அனுப்பினால் தயங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். பச்சைச் சாயலை நீக்கலாம், மேலிருந்து விழுந்து கண்குழியைக் கறுப்பாக்கிய நிழலை நீக்க முடியாது.

போட்டோஷொப்பில் முதல் வேலை அளவும் இடமும். நிறுத்திவைத்த ஆளின் படத்தை மங்கலாக்கி வழிகாட்டியாக வைத்து, ஒவ்வொருவரின் உயரத்தையும் அதற்கு ஒப்பிட்டுப் பொருத்த வேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White அடுக்கைப் போட்டு நிறத்தை மறந்துவிட வேண்டும். வெளிச்சப் பொருத்தமும் நிறப் பொருத்தமும் இரண்டு வேலைகள். ஒன்றாகச் செய்தால் இரண்டுமே குழம்பும்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது கறுப்பு. காலைப் பனியில் மலையின் மிக இருண்ட இடம்கூட முழுக் கறுப்பாக இருக்காது. 0 கறுப்பு, 255 வெள்ளை என்று காட்டும் Info பலகையில் பார்த்தால் செடிகளுக்கிடையிலான இருட்டு 30 அளவில் நிற்கும், விறாந்தையில் எடுத்த பாடகரின் தலைமுடி 8இல் இருக்கும். இந்த வித்தியாசம்தான் ‘ஒட்டியது’ என்று கண்ணுக்குச் சொல்வது. Levels இல் கீழேயுள்ள Output Levels இன் கறுப்பு முனையைச் சுமார் 22க்கு நகர்த்தினால் முடி 30ஐ ஒட்டி வந்துவிடும், பாடகர் பனிக்குள் இறங்கிவிடுவார். பின்வரிசையில் நிற்பவருக்கு இன்னும் நான்கைந்து கூட்டலாம், இடையில் பனி அதிகம் என்பதால்.

நிறத்தைப் பொருத்தும்போது பெரிய தவறு ஒன்று நடக்கிறது. நால்வரின் முகத்தையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர முயல்வார்கள். கடைசியில் எல்லாரையும் வெளிறச் செய்துவிடுவார்கள். ஒரே வெளிச்சத்தில் நின்றாலும் நான்கு பேரின் தோல் நான்கு நிறமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பொருத்த வேண்டியது தோலை அல்ல, தாளை. மூவர் பிடித்த தாளையும் மலையில் பிடித்த தாளின் வெயில் பட்ட பக்கத்தோடு Curves இல் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகச் சமப்படுத்தி, அதே திருத்தத்தை அவரவர் படத்துக்குப் போட வேண்டும். ஏ4 தாள் பகல் வெளிச்சத்தில் சற்று நீலமடிக்கும். எல்லாரிடமும் ஒரே வகைத் தாள் என்பதால் கணக்கு பெரிதாகக் கெடாது. தாளில்லாத தப்புக்காரரின் படத்துக்கு அவருடைய வெள்ளைச் சட்டையும் கண்வெள்ளையும்தான் துணை.

அதன் பிறகுதான் வெயில் வரைவது. ஒவ்வொருவருக்கும் இரண்டு Curves அடுக்குகள், ஒன்று உயர்த்த, ஒன்று தாழ்த்த; திருத்தம் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் Mask, அதாவது முகமூடி, இரண்டிலும் கறுப்பு. Flow 5 முதல் 8 வரை வைத்த மென்மையான தூரிகையால் இடது நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு, தோள் என்று உயர்த்தி, வலது கன்னம், கழுத்து, கைக்குக் கீழ் என்று தாழ்த்த வேண்டும். தாழ்த்தும் அடுக்கை Luminosity இல் வைக்காவிட்டால் மண்ணிறத் தோல் செங்கல் நிறத்துக்குப் போய்விடும், கருமை கூடும்போது நிறச்செறிவும் கூடுவதால். தப்புக்காரரின் படத்தில் எதிர்த்திசையில் கொஞ்சம் வேலை இருக்கிறது. அவருடைய நிழல்களைச் சற்று உயர்த்தி மூக்குநிழலின் ஓரத்தை மட்டும் இரண்டு மூன்று பிக்சல் மங்கலாக்கினால் பாலைவன வெயில் பனி ஊடாக வந்த வெயிலாகும். இப்படி நால்வரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர வேண்டும். ஒருவரை மட்டும் முழுத்தூரம் இழுத்தால் அவர் முகம் கெட்டுப்போகும்.

முகத்தில் கவனம் போகும்போது கிட்டார் மறந்துபோகும். அதன் பளபளப்பான உடலில் விறாந்தையின் திறந்த பக்கம் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்துகொண்டிருக்கும். மூக்குக்கண்ணாடியிலும் அதே சதுரம் இருக்கும். அதை மங்கலாக்கி வானத்தின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். தோள்கள் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் முன்னால் நிற்பவரின் மெல்லிய நிழல், வெயிலின் எதிர்ப்பக்கமாக, பின்னால் நிற்பவரின் சட்டையில் விழ வேண்டும். சட்டைகளின் கீழ்ப்பகுதியில் தேயிலை இலையின் பச்சை லேசாகத் தெறிக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் நால்வரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்ற எண்ணம் பிறக்கிறது.

போன்கள் வெவ்வேறு அளவில் படத்தை வழித்துக் கூர்மையாக்கும், அதனால் முடியோரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சும். முகமூடியை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கினால் அது போகும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே நடுச்சாம்பல் நிற அடுக்கொன்றை Soft Light இல் வைத்து Add Noise ஐ Gaussian, Monochromatic என்று 3 முதல் 4 சதவீதம் சேர்த்தால் நான்கு போன்களின் தோல்வேறுபாடும் மணல் போன்ற ஒரே புள்ளித்தூவலுக்குள் அடங்கும். பனியின் மெல்லிய சாயல்கள் பட்டை பட்டையாக உடைவதையும் அந்த மணல் பெருமளவு தடுக்கும்.

இணையத்துக்கு 3000 பிக்சல் சதுரத்தில், sRGB இல் கொடுக்க வேண்டும். சீடி உறையின் முன்பக்கம் 12 சென்ரிமீற்றர் சதுரம். வெட்டுவதற்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டினால் 126 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 300 புள்ளியில் சுமார் 1490 பிக்சல். அச்சுக்கு அனுப்பும் முன் படத்தை 150 பிக்சலுக்குச் சுருக்கிப் போனில் பார்க்க வேண்டும். அந்த அளவில் முகங்கள் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். நான்கு தலைகளிலும் இடது பக்கத்தில் ஒரு வெளிச்சக் கீற்று ஒரே பலத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் துருத்தினால் பெரும்பாலும் அது தப்புக்காரருடையதாகத்தான் இருக்கும். அவருடைய நிழலை இன்னும் இரண்டு மூன்று உயர்த்தினால் போதும்.