ஒன்றரை சென்டிமீட்டர்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் தயாரிப்பு மேனேஜராக இருந்தபோது நடந்தது இது. கட்டிங் மாஸ்டருக்கு அங்கே 22 வருட சர்வீஸ். தையல் லைனைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் அக்காவுக்கு 17 வருடம். இரண்டு பேருமே என்னைவிட வயதில் மூத்தவர்கள். நான் அங்கே சேர்ந்து அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரு டீ சர்ட் ஆர்டர். சிங்கிள் ஜெர்சி துணி, மீடியம் சைஸுக்கு உயரம் 72 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஸ்பெக் ஷீட்டில் இருந்தது. கடைசி செக்கிங்கில் டேப் வைத்துப் பார்த்தால் பீஸுக்கு பீஸ் 70.4, 70.5 என்றே வந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் குறைச்சல். ஷிப்மென்ட்டுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

"வெட்டினதே குட்டையா வந்திருக்கு" என்றார் அக்கா. "நான் பேட்டர்ன் அளவுக்குத்தான் வெட்டியிருக்கேன். தோள்ல ஓவர்லாக் கத்தி அதிகமா சீவியிருக்கும், இல்லைன்னா பாட்டம் மடிப்பைக் கூடப் பிடிச்சிருப்பாங்க" என்றார் மாஸ்டர். அதோடு நின்றிருந்தால் அது வேலைப் பேச்சுதான். ஆனால் நாற்பது பேர் பார்க்க, "மாஸ்டருக்கு இப்பல்லாம் கத்தி பிடிக்கிற கை ஆடுது" என்று அக்கா சொல்லிவிட்டார். "என் டேபிள்ல பீஸ் அடுக்கிட்டு நின்ன புள்ள, எனக்கு அளவு சொல்ல வந்துட்டா" என்று மாஸ்டர் திருப்பிக் கொடுத்தார். அந்த அக்கா 17 வருடத்துக்கு முன்னால் கட்டிங்கில்தான் ஹெல்பராகச் சேர்ந்தவர். மாஸ்டருக்கு வயது 58. அவரவருக்கு எங்கே வலிக்குமோ அங்கேயே அடி விழுந்தது.

அன்று சாயங்காலமே நான் முதல் தப்பைச் செய்தேன். இரண்டு பேரையும் ஒன்றாக என் ரூமுக்குக் கூப்பிட்டு, "என்ன பிரச்சினை, மனசு விட்டுப் பேசுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் பேச்சு எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தீபாவளி போனஸுக்குப் போய்விட்டது. சூடு ஆறாத இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்தால், நடுவில் இருப்பவரைத் தன் பக்கம் இழுக்கத்தான் ஒவ்வொருவரும் பேசுவார்கள். நான் எந்தப் பேச்சுக்குத் தலையை ஆட்டுகிறேன் என்றுதான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது மாஸ்டர், "அந்தப் புள்ள இருந்தா நான் இல்லீங்க தம்பி" என்றார். மறுநாள் காலையில் அக்கா ஆபீஸில் போய், தன் கணக்கை முடித்தால் கிராஜுவிட்டி எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறார். அதே ரோட்டில் நாலு கம்பெனி அவருக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

முதலாளி ஒரு வழி சொன்னார். அக்காவை நம்முடைய இன்னொரு யூனிட்டுக்கு மாற்றிவிடலாம், சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாம். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் சண்டைக்கு மறுவாரம் ஒருவர் இடம் மாறினால், அவர்மீதுதான் தப்பு என்று மொத்தக் கம்பெனியும் முடிவு கட்டிவிடும். சம்பளத்தை ஏற்றினாலும் அந்தப் பேச்சு மாறாது. "ஒரு வாரம் கொடுங்க, யாரையும் நகர்த்த வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் தனித்தனியாகப் போனேன். மாஸ்டரை அவருடைய டேபிளிலேயே, வேலை முடிந்த பிறகு பார்த்தேன். அக்காவை மறுநாள் மத்தியானம் லைன் ஓரத்தில், அவர் சாப்பிட்டு முடித்ததும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அரை மணி நேரம்தான். சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு, கடைசியில் அவர்களிடமே படித்துக் காட்டி, "இப்படித்தானே சொன்னீங்க?" என்று கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லவில்லை, நல்ல வார்த்தையாக இருந்தால்கூட. "அவங்க என்ன சொன்னாங்க?" என்று இருவருமே கேட்டார்கள். "உங்க பேச்சு அவங்ககிட்ட போகாதுங்க, அதனால அவங்க பேச்சும் இங்க வராது" என்றேன். அந்தப் பதில் இருவருக்குமே பிடித்திருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். நான் தினமும் 11 மணி டீயைக் கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றுதான் குடிப்பேன். அங்கே காற்று வரும், அவ்வளவுதான் காரணம். "மேனேஜர் எப்பவும் மாஸ்டர் பக்கம்தான்" என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள் என்று செக்கிங் பெண் ஒருத்தி சொன்னபோது மனசுக்குச் சங்கடமாக இருந்தது. அன்றிலிருந்து டீயை குடோன் வாசலுக்கு மாற்றிக்கொண்டேன். நடுநிலையாக இருக்கிறேன் என்று நான் சொல்லி ஒருவரும் நம்பப் போவதில்லை. எங்கே நிற்கிறேன், யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள்.

தனித்தனியாகக் கேட்டதில் ஒன்று என்னை உறுத்தியது. இரண்டு பேருமே அளவு பார்த்திருந்தார்கள். வெட்டிய உடனே டேப் வைத்தேன், 75 இருந்தது என்றார் மாஸ்டர். உயரம் 72, பாட்டம் மடிப்புக்கு 2, தோள் தையலுக்கு 1, கணக்கு சரி. லைனுக்கு வந்ததும் நான் பார்த்தேன், 73.5 தான் இருந்தது என்றார் அக்கா. ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் உடன் வேலை பார்த்த இரண்டு பேரில் யார் பொய்யர் என்று தேடுவதைவிட, இரண்டும் உண்மை என்று வைத்துக்கொண்டு, அது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

அதே துணியில் மிச்சம் ஒரு ரோல் இருந்தது. சாயங்காலம் 4 மணிக்கு அதைப் பிரித்து, வெட்டுவதற்காக உடனே அடுக்கடுக்காக லே விரிக்கச் சொன்னேன். மாஸ்டர் வெட்டினார். மேலே, நடுவில், அடியில் என்று பத்து பீஸ் எடுத்தோம். மெஷின் கத்தி சாய்ந்திருந்தால் மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் வித்தியாசம் வரும், அதனால்தான் மூன்று இடத்திலும் எடுப்பது. அளந்தது நானோ அவர்களோ இல்லை, செக்கிங் பெண். மாஸ்டர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பத்துமே 75 தான், ஒன்றிரண்டில் நூலிழை வித்தியாசம். ஒவ்வொரு பீஸிலும் சாக்பீஸால் நேரத்தையும் அளவையும் எழுதி, டேபிள்மேல் தளர்வாகப் பரப்பிவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை எட்டரைக்கு அதே டேப், அதே பெண். முதல் பீஸ் 73.6. இரண்டாவது 73.5. மூன்றாவதை அளக்கும்போது மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பத்தாவது பீஸ்வரைக்கும் அப்படித்தான்.

பின்னல் துணி, அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் முடிந்து ரோலாகச் சுற்றும்போது நீளவாக்கில் இழுபட்டு இருக்கும். பிரித்து, உதறி, 24 மணி நேரம் சும்மா போட்டு வைத்தால் இழுவை விட்டுத் தன் நிலைக்கு வரும். அப்புறம் வெட்டினால் அளவு நிற்கும். பிரித்தவுடன் வெட்டினால் வெட்டிய பீஸ் ராத்திரியில் சுருங்கும். இது திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாஸ்டருக்கும் தெரியும். பிறகு ஏன் பிரித்தவுடன் வெட்டினார்? துணி இரண்டு நாள் தாமதமாக வந்ததால், "இன்னைக்கே லே போட்டுடுங்க" என்று சொன்னது நான்.

அதை அன்று காலையே, கட்டிங்கும் லைனும் கூடியிருக்கும்போது சத்தமாகச் சொன்னேன். "மாஸ்டர் வெட்டினது சரி. அக்கா அளந்ததும் சரி. துணி ஆறுறதுக்குள்ள வெட்டச் சொன்னது நான்." சண்டையைத் தீர்ப்பதற்காகப் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டதாகச் சிலர் நினைத்தார்கள். அப்படி இல்லை, அது உண்மை. உண்மையாக இல்லாவிட்டால் அப்படிச் சொல்லவும் கூடாது. அந்த இரண்டு பேரும் தொழில் தெரிந்தவர்கள், பொய்ச் சமாதானத்தை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். லைனில் சில பீஸுக்கு மடிப்பு 2.2, 2.3 என்று போயிருந்தது. அதையும் மறைக்கவில்லை, ஆனால் அது எவ்வளவு சின்னது என்பதை டேப்பே சொல்லியது.

தைத்த பீஸ்களைப் பாட்டம் பிரித்து, மடிப்பைக் குறைத்து மறுபடி அடித்தோம். பையரிடம் கேட்டுத்தான் செய்தோம். உயரம் 71-க்கு மேல் வந்துவிட்டது. அந்தச் செலவை எந்த செக்ஷன் கணக்கிலும் எழுதவில்லை.

ஆனால் துணிப் பிரச்சினை தீர்ந்த பிறகும் பேசிய வார்த்தை அப்படியே இருந்தது. அதற்கு டேப் கிடையாது. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்று முதலாளி சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. யார் முதலில் கேட்கிறாரோ அவர் தோற்றவர் ஆகிவிடுவார். அதற்குப் பதிலாக இரண்டு பேரிடமும் தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன்: நீங்கள் சொன்ன அந்த வார்த்தை உண்மையா? "கை ஆடுதா? அவர் கை மாதிரி இந்த ஊர்லயே இல்லைங்க. கோவத்துல வந்துருச்சு" என்றார் அக்கா. மாஸ்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ள வளந்ததுல எனக்குப் பெருமைதானுங்க. யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார். இதை எடுத்துப் போய்ச் சொல்லட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். இருவருமே வேண்டாம் என்றார்கள். நானும் சொல்லவில்லை. அந்த ஆசையை அடக்குவதுதான் இந்த மொத்த விஷயத்திலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

செய்தது ஒரு சின்ன ஏற்பாடு மட்டும். ரோலைப் பிரித்த நேரத்தை குடோனில் எழுதிக் கட்டுவது. 24 மணி நேரம் ஆகாமல் லே போட வேண்டுமென்றால் மேனேஜர் கையெழுத்து வேண்டும், வாய் வார்த்தை செல்லாது. ஒவ்வொரு லேயிலும் முதல் பண்டிலை லைனுக்குக் கொடுக்கும்போது இருவரும் சேர்ந்து அளந்து சீட்டில் கையெழுத்துப் போடுவது. இதனால் குறை வந்தால் பீஸாக இருக்கும்போதே தெரியும், தைத்து முடித்த பிறகு யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை. இரண்டு பேரும் தினம் ஒரு நிமிடமாவது ஒரே டேபிளில் நிற்க வேண்டியும் வந்தது. ஆரம்பத்தில் அளவைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

எல்லாச் சண்டையிலும் இப்படி நடுவில் நிற்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அன்று மாஸ்டர் சாதியையோ, அக்காவின் நடத்தையையோ இழுத்துப் பேசியிருந்தால், நான் நடுவில் நிற்பதே அநியாயம். பெண்ணிடம் தவறாக நடந்தால் அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனியில் உள்ளகக் குழு இருக்கிறது. அங்கேதான் போக வேண்டும், மேனேஜர் ரூமில் சமாதானம் பேசக் கூடாது. இந்தச் சண்டையில் இருவருமே வேலையில் நேர்மையானவர்கள், வார்த்தையில் தவறியவர்கள். அதனால்தான் இந்த வழி எடுபட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கட்டிங் டேபிளின் ஓரத்தில் ஒரு பண்டில் மட்டும் துணி போட்டு மூடி வைத்திருந்தது. லைன் அதற்காகக் காத்திருந்தது. "ஏன் மாஸ்டர், இன்னும் கொடுக்கலையா?" என்றேன். அக்கா மகளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார், மத்தியானம்தான் வருவார். செக்கிங் பெண்ணே அளக்கலாமே என்றேன்.

"வரட்டுங்க தம்பி. அந்தப் புள்ள டேப் வெச்சாத்தான் எனக்குத் திருப்தி" என்றார் மாஸ்டர்.