மூன்று தேதி, ஒரு மின்னஞ்சல்

பிப்ரவரி 26, திருப்பூர்
நேற்று வருவதாகச் சொன்ன பணம் இன்றும் வரவில்லை. ஜனவரி 6 அன்று ஒரு கம்பெனிக்கு அட்டைப்பெட்டி இறக்கினோம். பில் 1,84,600 ரூபாய், 30 நாள் கடன். அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியைப் போன வாரமே என் கையிலிருந்து கட்டிவிட்டேன். அந்த கம்பெனி அக்கவுண்ட்ஸ்காரர் மட்டும் மாறாமல், "நாளைக்குப் பார்த்துடலாங்க" என்கிறார்.

பிப்ரவரி 27
போனை எடுத்து, என்றைக்கு என்ன பேசினோம் என்று பார்த்தேன். அழைப்புப் பட்டியல் பேசிய தேதியைக் காட்டும், பேச்சைக் காட்டாது. வாட்ஸாப் செய்தி ஒன்றுதான் அவர் எழுத்திலேயே இருக்கிறது. முதல் வரைவில் "தொடர்ந்து ஏமாற்றுகிறீர்கள்" என்று எழுதிவிட்டேன். ஆடிட்டர் அண்ணன் படித்துவிட்டு, "கோபத்தை எடுத்துடு தம்பி, தேதியை வை" என்றார். பில் அனுப்பிய பழைய மெயிலுக்கே பதிலாக, அவருடைய முதலாளிக்கும் நகல் போட்டு அனுப்பினேன். அனுப்பியது ஆங்கிலத்தில், சாரம் இது:

"வணக்கம். ஜனவரி 6 பில், 1,84,600 ரூபாய், பிப்ரவரி 5 அன்று தவணை முடிந்தது. அதன் பிறகு தாங்கள் தந்த தேதிகள்:
பிப்ரவரி 7, தொலைபேசியில்: 10ஆம் தேதிக்குள்.
பிப்ரவரி 12, தொலைபேசியில்: 17ஆம் தேதிக்குள்.
பிப்ரவரி 19, வாட்ஸாப்பில்: 25ஆம் தேதிக்குள்.
மூன்று தேதிகளிலும் பணம் வரவில்லை. இதில் ஏதும் தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தவும். மார்ச் 5 மாலைக்குள் முழுத்தொகையையும் அனுப்பவும். இயலாவிட்டால் எப்போது எவ்வளவு என்று இந்த மெயிலிலேயே எழுதவும். நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர். மார்ச் 31க்குள் பணம் தராவிட்டால், இந்தச் செலவைத் தாங்கள் இந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதைத் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும்."

தாமத வட்டியைச் சேர்க்கவில்லை. சட்டப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி கேட்கலாம். அது அடுத்த மெயிலுக்கு இருக்கட்டும் என்றார் அண்ணன்.

மார்ச் 2
பதில் இல்லை. போன் வந்தது: "எதுக்குங்க முதலாளிக்கெல்லாம் மெயில்?" அந்த வருத்தத்தில்தான் விஷயம் உறைத்திருப்பது தெரிந்தது. "சரிங்க, தேதியை மட்டும் மெயிலில் போட்டுடுங்க" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 5
80,000 வரவு. கூடவே ஒரு வரிப் பதில்: மீதி 1,04,600 மார்ச் 16க்குள். கடனை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாயிற்று; வழக்குப் போடும் மூன்று வருடக் கெடு இன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும் என்கிறார் அண்ணன். நன்றி சொல்லி, வந்ததையும் மீதியையும் தேதியையும் குறித்து அதே மெயிலில் பதில் போட்டேன்.

மார்ச் 17
மீதியும் நேற்று சாயங்காலம் ஏறிவிட்டது. இன்று காலையிலேயே இன்னும் ஐந்நூறு பெட்டி கேட்டுப் போன். பாதி முன்பணம் என்றேன். யோசித்துச் சொல்கிறாராம்.