மிச்சமிருந்த 6,400 ரூபாய்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றப் போகிறவர்கள், வெளிநாட்டவர் இந்தியக் கடைகளில் கைபேசியிலேயே பணம் செலுத்த உதவும் யுபிஐ ஒன் வேர்ல்ட் வாலட் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் எந்த அட்டையிலிருந்து பணம் போட்டோம் என்பதை மறந்துவிடக் கூடாது. நான் மறந்தேன்.

முதலில் மதுரையில் அக்கா மகன், "மாமா, கைபேசி எண்ணும் ஓடிபியும் போதும்" என்று தன் வாலட்டைக் காட்டினான். அது குறைந்த விவரங்களோடு திறக்கும் சிறு வகை. மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றியதையெல்லாம் செலவழித்து இருப்பு பூஜ்யமானாலும் அந்த மாதம் மீண்டும் ஏற்ற வழியில்லை. அந்த மாத வரம்பு ஏற்றிய தொகைக்குத்தான், மிச்ச இருப்புக்கல்ல. பட்டுப்புடவைக் கடைக்குள் நுழையும் என் மனைவிக்கு இது போதாது.

வெளிநாட்டவருக்கானது, அடையாளத்தை முழுதாகச் சரிபார்த்த பிறகே திறக்கும் முழு கேஒய்சி வகை. அந்நியச் செலாவணி முகவர் கடவுச்சீட்டையும் விசாவையும் நேரில் பார்த்துச் சரிபார்த்தார். இதில் ஒரே நேரத்தில் 2,00,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். டர்பன் வங்கி அட்டையில் 5,000 ராண்ட் கொடுத்தேன். 23,500 ரூபாய் ஏறியது.

கடைகளில் கியூஆர் குறி வேலை செய்தது. ஆட்டோக்காரரிடம் செய்யவில்லை. அவர் வைத்திருந்தது தனிநபர் குறி. இந்த வாலட் வணிகர்களுக்கு மட்டுமே பணம் அனுப்பும். அக்கா மகனுக்குக் கூட அனுப்ப முடியாது. ஆகவே சில்லறை நோட்டுகளும் வேண்டும்.

கிளம்பும்போது 6,400 மிச்சம். வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம், அல்லது பணம் வந்த வழியே திருப்பி அனுப்பலாம். முகவரிடம் ராண்ட் இல்லை, டாலர்தான் இருந்தது. டாலரை டர்பனில் மீண்டும் மாற்றி இன்னொரு முறை நஷ்டப்பட மனமில்லாமல், திருப்பி அனுப்பச் சொன்னேன்.

இங்கேதான் சிக்கல். பயணத்தின் நடுவே அந்த அட்டை தொலைந்து, நானே முடக்கியிருந்தேன். வீட்டில் புது எண்ணோடு புது அட்டை காத்திருந்தது. வாலட்டில் 'அனுப்பப்பட்டது' என்று இருந்தும் பத்து நாளாகக் கணக்கில் ஒன்றும் வரவில்லை. வங்கிக் கிளையில், பழைய அட்டை எண்ணுக்கு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை என்று என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் முறை போகுமுன் முகவருக்கு மின்னஞ்சல் எழுதி ஏஆர்என் என்னும் 23 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கினேன். அட்டைக்குப் பணம் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறைக்கும் அப்படியொரு தடய எண் உண்டு. அதை அட்டைப் பிரிவில் கொடுத்ததும், முடக்கிய எண்ணின் பேரில் நின்றுபோன பணம் அகப்பட்டது. எண்தான் மாறியதே தவிர கணக்கு அதேதான் என்பதால் இரண்டு நாளில் சேர்த்துவிட்டார்கள். கணக்கையே மூடியிருந்தால் பணம் மறுபடி இந்தியாவுக்கே போயிருக்கும் என்றார் அந்த அலுவலர், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்தது 1,274 ராண்ட். நான் ஏற்றிய விலைப்படி 1,361 வரவேண்டும். இரு முறை பணம் மாறியதில் மீதி போயிற்று. அடுத்த முறை 3,000 ராண்ட் மட்டும் ஏற்றுவேன். போதவில்லையென்றால் அங்கிருந்தே ஏற்றிக்கொள்ளலாம்.